டெபாசிட் 1,000-ல் 720 பிடித்துவிட்டார்: வீட்டு உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

மேகலை

நான்கு வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். சாவி கொடுக்கும்போது உரிமையாளர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை, "கணக்குப் பார்த்து அனுப்புகிறேன்" என்றார். அப்புறம் வந்ததுதான் கீழே இருக்கும் பட்டியல். நாடு, நாணயம் எதையும் போடாமல், டெபாசிட்டை 1,000 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாத் தொகையையும் அதே விகிதத்தில் சுருக்கியிருக்கிறேன்.

| பிடித்தம் | கேட்ட தொகை |
|---|---|
| வீடு முழுக்கப் பெயின்ட் | 300 |
| துப்புரவு | 120 |
| குளியலறைக் கதவு மாற்ற | 110 |
| சமையல் மேடைப் பலகை மாற்ற | 90 |
| பூட்டு மாற்ற (ஒரு சாவி குறைவு) | 40 |
| மேற்பார்வை, இதரச் செலவு | 60 |
| மொத்தம் | 720 |

மீதி 280-ஐ வங்கியில் போட்டுவிட்டு "கணக்கு முடிந்தது" என்று செய்தி அனுப்பிவிட்டார். நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் இப்படி ஆரம்பிக்கிறது:

"நான்கு வருடமாக ஒரு மாதம்கூட வாடகை தாமதித்ததில்லை. வீட்டைச் சொந்த வீடு போலப் பார்த்துக்கொண்டோம். நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. இது நியாயமே இல்லை. முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்..."

இதே தொனியில் ஒன்றரைப் பக்கம் போகிறது. அனுப்பலாமா?

சுடரொளி

தாராளமாக அனுப்புங்கள். நான்கு வருடம் இருந்த வீட்டில் பெயின்ட் மங்கத்தான் செய்யும், அழுக்குப் படியத்தான் செய்யும், கதவு உப்பத்தான் செய்யும். எல்லாமே தேய்மானம். வாடகை வாங்குவதே அதற்குத்தானே? ஒரு காசுகூடப் பிடிக்க அவருக்கு உரிமை கிடையாது. 720-ஐயும் அப்படியே மறுத்துவிடுங்கள், ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பாரி

எனக்கும் இதே கதைதான். நான் கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவர் கத்தினார், நான் கண்டுகொள்ளவில்லை. நீங்களும் அப்படிச் செய்துவிடுங்கள்.

மேகலை

பாரி, நாங்கள் காலி செய்துவிட்டோம், வாடகை பாக்கி எதுவும் இல்லை. பணம் அவர் கையில் இருக்கிறது, அதை எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

கணக்கன்

வாடகைக் குடியிருப்புக் கணக்குகளைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். அதில் நீங்கள் நல்லவர், அவர் அநியாயக்காரர் என்பது மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு இது ஒரு மூன்றாம் ஆள் மேசைக்குப் போனால், அவர் பார்க்கப்போவது ஆறு வரிகள், ஆறு தொகைகள். ஒவ்வொரு வரிக்கும் உங்கள் பதில் என்ன, அதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும்தான் தேடுவார். நான்கு வருடம் வாடகை ஒழுங்காகக் கொடுத்ததற்கும் குளியலறைக் கதவுக்கும் சம்பந்தமில்லை.

சுடரொளி சொன்னதில் பாதி சரி. பெயின்ட் மங்குவது தேய்மானம்தான். ஆனால் அழுக்கு தேய்மானம் ஆகாது. வீட்டுக்குள் வரும்போது எந்த அளவுக்குச் சுத்தமாக இருந்ததோ, அதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது குடியிருந்தவர் பொறுப்பு. எத்தனை வருடம் இருந்தாலும் அது மாறாது. அப்புறம், எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள் என்பதுதான் இந்த இழையிலேயே ஆபத்தான யோசனை. உங்கள் கையால் ஆனதை நீங்களே தொகை போட்டு ஒப்புக்கொண்டால்தான், மறுக்கும் வரிகளை மற்றவர் நம்புவார்.

சரி, இவற்றைச் சொல்லுங்கள். குடியேறும்போது வீட்டின் நிலைமையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதா? அவர் பில் ஏதாவது இணைத்தாரா? உண்மையிலேயே உங்களால் ஆன சேதம் எது?

மேகலை

தாள் இருக்கிறது. "பெயின்ட் புதிது, துப்புரவு சாதாரணம், சமையலறை நல்ல நிலை, சாவி 3" என்று எழுதியிருக்கிறது. பில் எதுவும் இல்லை. பெயின்ட்டுக்கு மட்டும் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினார், அதன் மேலே "மதிப்பீடு" என்று இருக்கிறது, 5 அறை, மொத்தம் 300.

எங்களால் ஆனது: கூடத்தில் டிவி மாட்டத் துளைத்த நான்கு ஓட்டைகள், ஒரு அலமாரிக்கு இரண்டு. சமையல் மேடையில் சூடான பாத்திரம் வைத்து மைக்கா வட்டமாகக் கருகிவிட்டது. ஒரு சாவி தொலைந்தது. சிம்னியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாக எடுக்கவில்லை, மற்றபடி வீட்டைத் துடைத்து, கழுவி, அறை அறையாகப் படம் எடுத்துத்தான் வந்தோம்.

கதவுக்கு நாங்கள் காரணம் இல்லை. குளியலறைச் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. இரண்டாவது வருடமே செய்தி அனுப்பினேன், "அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்" என்று பதில் போட்டார், ஆள் வரவில்லை. திரும்பவும் எழுதினேன். படங்களை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன்: கதவின் கீல் பக்கம்தான் உப்பி, ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது. தண்ணீர் தெறிக்கும் பக்கம், அதாவது கைப்பிடி இருக்கும் பக்கம், பெயின்ட்கூட உரியவில்லை. கீல் பக்கச் சுவரிலும் அதே உயரத்துக்கு ஈரக்கறை இருக்கிறது.

கணக்கன்

அந்தக் கதவுப் படம் ஒன்றே போதும், அந்த வரியில் நியாயம் உங்கள் பக்கம். குளிக்கும்போது தெறித்த தண்ணீரால் உப்பியிருந்தால் கைப்பிடிப் பக்கமும் அடிப்பகுதி முழுக்கவும் போயிருக்கும். சுவரோரம் மட்டும் போயிருக்கிறது என்றால் ஈரம் சுவரிலிருந்து வந்தது என்றுதான் அர்த்தம். செய்திகளையும் அவர் பதிலையும் தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூலக் கோப்பு போனிலோ கணினியிலோ இருக்க வேண்டும். செய்திச் செயலி வழியாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதி விவரம் பெரும்பாலும் அழிந்துவிடும். மூலத்தைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதற்குப் படம் 1, படம் 2 என்று பெயர் வையுங்கள். கடிதத்தில் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

அடுத்தது தொகை. உங்களால் ஆன சேதமாகவே இருந்தாலும் பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையைக் கேட்க முடியாது, பொருளில் மிச்சமிருந்த ஆயுளுக்கு மட்டும்தான் கேட்க முடியும். சமையல் மேடைக்கு எத்தனை வயது?

மேகலை

வீட்டுக்கு அவர் கொடுத்த விளம்பரத்தில் "சமையலறை 3 வருடம் முன் புதுப்பித்தது" என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அப்போதே சேமித்து வைத்திருந்தேன்.

கணக்கன்

அருமை. 3 + 4 = 7 வருடம். அந்த மாதிரி மைக்கா ஒட்டிய பலகைக்கு 10 வருடம் என்று வைத்தால் மிச்சம் 3. 90-ல் பத்தில் மூன்று, 27. வயது பொருள் போட்ட நாளிலிருந்துதான் ஓடும், நீங்கள் குடிவந்த நாளிலிருந்து அல்ல. நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் தங்கள் குடியிருப்புக் காலத்தை மட்டும் கழித்து, அதிகமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெயின்ட்டுக்கு வாருங்கள். 5 அறைக்கு 300 என்றால் ஓர் அறைக்கு 60. ஓட்டை இருப்பது கூடத்தில் மட்டும், மற்ற நான்கு அறைகளுக்கு உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. பெயின்ட்டுக்கு 5 வருட ஆயுள் வைத்தால் 4 போய்விட்டது, மிச்சம் ஐந்தில் ஒன்று, 12. ஆனால் ஓட்டையை அடைத்துத் தேய்த்துச் சமப்படுத்தும் கூலியில் தேய்மானம் கழிக்க வராது, சுவர் பழையதாகிறது என்பதற்காகத் துளை தானாக விழுவதில்லை. அதற்குத் தனியாக ஒரு விலை கேட்டு வாங்குங்கள்.

மேகலை

ஒரு கொத்தனாரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன், ஆறு ஓட்டைக்கும் சேர்த்து 18 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்.

மாடிவீடு

நான் வீட்டு உரிமையாளர், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். "ஐந்தில் ஒரு பங்கு" என்கிறீர்கள். பெயின்டர் எனக்கு ஐந்தில் ஒரு பங்கு கூலிக்கு வருவாரா? நான் முழுக் கூலியும் கொடுக்கிறேன், முழு டப்பாவும் வாங்குகிறேன். நல்ல பெயின்ட் 5 வருடத்தில் போகாது, 8 வருடம் தாராளமாக வரும். ஒரு சுவரில் மட்டும் அடித்தால் புதுசும் பழசும் தனித்தனியாகத் தெரியும், அடுத்து வருபவர் அதைப் பார்த்து வாடகையைக் குறைத்துக் கேட்பார். இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் யாரும் ஒரு வீட்டைப் பராமரித்துப் பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது.

கணக்கன்

மாடிவீடு, முழுக் கூலி கொடுக்கிறீர்கள், உண்மை. ஆனால் கையில் கிடைப்பது இன்னும் 5 வருடம் நிற்கும் புதுச் சுவர். ஓட்டையே இல்லாவிட்டாலும் இன்னும் ஒரு வருடத்தில் நீங்களே அடித்திருப்பீர்கள். குடியிருந்தவர் உங்களை ஒரு வருடம் முன்கூட்டிச் செலவு செய்ய வைத்துவிட்டார், அந்த ஒரு வருடத்தின் விலைதான் ஐந்தில் ஒன்று.

சுவர் தனித்துத் தெரியும் என்பது நியாயமான பேச்சு, அதனால்தான் ஒரு சுவருக்குப் பதிலாகக் கூடம் முழுக்கவும் கணக்கில் எடுத்தேன். 8 வருடம் என்பதற்கும் இடம் இருக்கிறது. எந்த வகைப் பெயின்ட், எப்போது அடித்தது என்று பில் காட்டினால் 60-ல் பாதி, 30 என்று ஆகும். 5 வருடம் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, அவர் ஆதாரம் காட்டாதவரை நாம் வைத்துக்கொள்ளும் எண்.

நிலவழகி

பூட்டுக்கு 40 ஏன் கொடுக்க வேண்டும்? தொலைந்தது ஒரு சாவி. மாற்றுச் சாவி வெட்டினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கணக்கன்

தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. அடுத்துக் குடிவருபவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் பூட்டை மாற்றத்தான் வேண்டும். நான் அந்த வரியில் சண்டை போட மாட்டேன்.

நிலவழகி

உள்ளே இருக்கும் சாவித் துளைப் பகுதியை மட்டும் மாற்றலாமே, முழுப் பூட்டு எதற்கு? எனக்கு ஒப்புதல் இல்லை.

மேகலை

நிலவழகி சொல்வதும் புரிகிறது, ஆனால் சாவியைத் தொலைத்தது நான், 40-ஐ விட்டுவிடுகிறேன். "இதரச் செலவு 60"-ஐ என்ன செய்வது?

கணக்கன்

எதற்கு என்றே சொல்லாத தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பூஜ்யம். தன் வீட்டைத் தானே வந்து பார்த்ததற்கு உங்களிடம் கூலி கேட்கிறார், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் ஒழிய அது நிற்காது. ஒருமுறை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

மேகலை

படித்துவிட்டேன், அப்படி எதுவும் இல்லை. கடிதத்தை முழுக்க மாற்றிவிட்டேன். பாருங்கள்:

> பொருள்: வாடகை டெபாசிட்டில் செய்த பிடித்தங்கள்
>
> ஐயா,
>
> வீட்டின் டெபாசிட் 1,000. இதில் 720-ஐப் பிடித்துக்கொண்டு 280 அனுப்பியிருக்கிறீர்கள். அந்த 280-ஐப் பகுதித் தொகையாக மட்டுமே பெற்றுக்கொண்டிருக்கிறேன், கணக்கு முடிந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் என் பதில் கீழே இருக்கிறது.
>
> | பிடித்தம் | நீங்கள் கேட்டது | நான் ஏற்பது | காரணமும் ஆதாரமும் |
> |---|---|---|---|
> | பெயின்ட் | 300 | 30 | துளைகள் கூடத்தில் மட்டும் (படம் 1, 2). கூடத்தின் பங்கு 60, அதில் மிச்ச ஆயுள் ஐந்தில் ஒன்று: 12. துளை அடைக்க 18 (கொத்தனார் சீட்டு). |
> | துப்புரவு | 120 | 20 | குடியேறியபோது "சாதாரணம்" (நிலைமைத் தாள்). காலி செய்த அன்று எடுத்தவை படம் 3 முதல் 9. சிம்னிக்கு மட்டும் ஏற்கிறேன். |
> | குளியலறைக் கதவு | 110 | 0 | சுவர்க் குழாய்க் கசிவு. இரண்டு முறை எழுதித் தெரிவித்தேன், உங்கள் பதிலும் இணைப்பில். படம் 10, 11. |
> | சமையல் மேடை | 90 | 27 | கருகியது எங்களால் (படம் 12). பலகைக்கு வயது 7 (உங்கள் விளம்பரம்), ஆயுள் 10. மிச்சம் பத்தில் மூன்று. |
> | பூட்டு | 40 | 40 | ஏற்கிறேன். |
> | இதரச் செலவு | 60 | 0 | எதற்கு என்ற விவரம் இல்லை, ஒப்பந்தத்திலும் இல்லை. |
> | மொத்தம் | 720 | 117 | |
>
> எனக்குச் சேர வேண்டியது 883. பெற்றது 280. பாக்கி 603. 14 நாட்களுக்குள் இதை என் கணக்கில் செலுத்தவும். ஏதாவது ஒரு வரியை மறுப்பதாக இருந்தால், அந்த வரிக்கு உரிய பில்லையும் வேலைக்கு முன் எடுத்த படத்தையும் அனுப்பவும்.

பழைய கடிதத்திலிருந்து ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை. கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதோ?

கணக்கன்

இருக்கட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரி. 117-ம் 603-ம் சேர்ந்தால் 720 வருகிறது, அனுப்பும் முன் எப்போதும் இதைச் சரிபாருங்கள். கூட்டல் பிழை ஒன்று இருந்தால் எதிராளி அதை மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்.

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஒப்புகை வரும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். 14 நாள் என்பது நீங்கள் கொடுக்கும் கெடுதான். டெபாசிட்டைத் திருப்பித் தர, பிடித்தத்தை எதிர்த்துப் புகார் செய்ய உங்கள் சட்டத்தில் தனிக் கெடு இருக்கலாம். சில இடங்களில் டெபாசிட்டே உரிமையாளர் கையில் இல்லாமல் ஒரு பொது அமைப்பிடம் இருக்கும், அங்கே புகார் செய்யவும் நாள் கணக்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் 14 நாள் அதற்குள் முடிகிற மாதிரி வையுங்கள்.

சுடரொளி

"சட்ட நடவடிக்கை" என்ற வார்த்தையே இல்லையே, பயப்படுவாரா?

கணக்கன்

பட்டியலைப் பார்த்தாலே புரிந்துகொள்வார், இது அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கக்கூடிய தாள் என்று. மிரட்டல் வேண்டாம். கெடு தாண்டினால் அப்போது ஒரு வரி எழுதலாம்.

மேகலை

பதில் வந்துவிட்டது! இதரச் செலவை விட்டுவிட்டார். துப்புரவுக்கு 20 போதும் என்கிறார். பெயின்ட்டுக்கு, அடித்தபோது வாங்கிய பில்லை அனுப்பி, இது 8 வருடம் வரும் வகை என்கிறார், கூடத்தில் பாதி 30, துளைக்கு 18, மொத்தம் 48 என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். ஆக 412 அனுப்பத் தயார். ஆனால் கதவுக்கு முழு 110-ம் வேண்டுமாம், "நீங்கள் தண்ணீரை அதிகம் புழங்கினீர்கள்" என்கிறார். மேடைக்கும் 90 முழுதாக வேண்டும் என்கிறார், கருகிய இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முடியாதாம். 412-ஐ வாங்கிக்கொண்டு "இத்துடன் முடிந்தது" என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்.

மாடிவீடு

மிச்சம் 173-தான். பாதிக்குப் பாதி பேசி முடித்துக்கொள்ளுங்கள். இதற்காக அலைவது இரண்டு பேருக்கும் நஷ்டம், நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

நிலவழகி

கதவில் பாதி கொடுத்தால் அவர் சரிசெய்யாத குழாய்க்கு மேகலை காசு கொடுப்பதாக ஆகும். எதற்கு?

கணக்கன்

பெயின்ட்டில் அவர் பில் காட்டிவிட்டார், 48-ஐ ஒப்புக்கொள்ளுங்கள், அது நியாயம். மேடையை ஒட்டுப்போட முடியாது என்பது சரியாகவே இருக்கலாம், அதனால்தான் முழுப் பலகையின் விலையான 90-லிருந்து கணக்குப் போட்டோம், ஒட்டுப்போடும் செலவிலிருந்து அல்ல. அதை அவருக்கு அதே வார்த்தைகளில் எழுதுங்கள். 27-க்கு மேல் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க மனமிருந்தால் அது உங்கள் விருப்பம், பலகைக்கு 10 வருடம் என்பதும் பேரத்துக்கு உட்பட்டதுதான்.

கதவில் நானும் நிலவழகி பக்கம். தண்ணீர் அதிகம் புழங்கினால் கீல் பக்கம் மட்டும் எப்படி உப்பும் என்று கேளுங்கள். குழாயை இப்போதாவது சரிசெய்தாரா, அந்த பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சரிசெய்திருந்தால் கசிவு இருந்தது என்று அவரே சொன்ன மாதிரி.

412-ஐ வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் கேட்கிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டாம். "412 பகுதித் தொகையாகப் பெற்றேன், கதவு 110, மேடை 63, ஆக 173 பாக்கி" என்று மட்டும் எழுதுங்கள்.

மேகலை

அப்படியே எழுதிவிட்டேன், கூடவே புதிய அட்டவணையும். இப்போது அதில் இரண்டே வரிகள். மேடைக்கு 27 இல்லாமல் 35 வரை போகலாம் என்று மனதில் வைத்திருக்கிறேன், ஆனால் அதை அவர் கேட்டால்தான் சொல்வேன். குழாய் பில்லைக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

பாரி

இப்போதுதான் முழுசாகப் படித்தேன். என் உரிமையாளரும் வாடகையைக் கழித்த பிறகு சுவருக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்டுக்கொண்டிருக்கிறார், நிலைமைத் தாள் எதுவும் எங்களுக்குள் இல்லை. தாளே இல்லாவிட்டால் இந்த அட்டவணையை எப்படிப் போடுவது?

கணக்கன்

தாள் இல்லை என்றால் அது அவருக்கும் இல்லை. முன்பு சுவர் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டியது பல இடங்களில் பணம் கேட்பவர்தான், உங்கள் சட்டத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடிவந்த காலத்தில் வீட்டுக்குள் எடுத்த குடும்பப் படங்களில் பின்னால் சுவர் தெரியும், அவற்றைத் தேடுங்கள். வாடகை பாக்கியை மட்டும் முதலில் தனி வரியாகப் போட்டு ஒப்புக்கொள்ளுங்கள், அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேச முடியாது.